மயில்துத்தமும் சுண்ணாம்பும்: ஒரே வேலையில் நான்கு வினைகள்

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வரும். சமன்பாட்டின் இடது பக்கம் மட்டும் இருக்கும். ‘விளைபொருள்களை எழுதுக, வினையின் வகையைக் குறிப்பிடுக’ என்று கேட்டிருப்பார்கள். சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று நான்கு பெயர்களையும் பிள்ளைகள் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். எந்தச் சமன்பாட்டுக்கு எந்தப் பெயர் என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடும்.

காரணம், நான்கையும் நான்கு வெவ்வேறு உதாரணங்களாகப் படிப்பதுதான். ஒன்றுக்கு மக்னீசியம் நாடா, இன்னொன்றுக்கு இரும்பு ஆணி என்று தனித்தனியாக மனதில் நிற்கின்றன. ஒன்றையொன்று ஒப்பிட வழியில்லை. ஆனால், நான்கு வினைகளும் ஒரே வேலைக்காக, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இடம் ஒன்று உண்டு. திராட்சை, தென்னை, மிளகு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ‘போர்டோ கலவை’தான் அது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி. இதில் வினையின் வகையையும் விளைபொருளையும் தப்பாகக் கணித்தால் மதிப்பெண் மட்டும் போகாது, செடியின் இலையும் கருகிவிடும்.

திருட்டைத் தடுக்கப் பூசிய நீலம்

போர்டோ என்பது பிரான்ஸ் நாட்டில் திராட்சைக்குப் பேர்போன ஊர். 1870-களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் அந்நாட்டுக் கொடிகளை வாட்டத் தொடங்கியது. போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பியர் மில்லார்டே. 1882-ல் மெடோக் பகுதியில் நடந்து போனபோது, அவர் கண்ணில் ஒரு விநோதம் பட்டது. தோட்டத்தின் உட்பக்கக் கொடிகளெல்லாம் நோயில் இலை உதிர்த்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருக்க, சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்த நீலப் படிவைப் பார்த்தால் விஷம் என்று பயந்து யாரும் கை வைக்க மாட்டார்கள். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சையையும் விரட்டியிருந்தது. வேதியியலாளர் உலிஸ் கையோனுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1885-ல் மில்லார்டே இதை உலகத்துக்கு அறிவித்தார். இன்றும் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை முதல் மலநாட்டுப் பாக்கு வரை அந்தப் பெயரிலேயே அது தெளிக்கப்படுகிறது.

முதலில் எண்ண வேண்டும்

வகையைக் கண்டுபிடிக்க, பொருள்களின் பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் எத்தனை பொருள்கள் இருக்கின்றன, அவை தனிமமா சேர்மமா என்று எண்ணினால் போதும்.

பல பொருள்கள் சேர்ந்து ஒன்றே ஒன்று கிடைத்தால் சேர்க்கை வினை. ஒரே பொருள் உடைந்து பலவானால் சிதைவு வினை. ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் சந்தித்து, வேறொரு தனிமமும் வேறொரு சேர்மமும் கிடைத்தால் இடப்பெயர்ச்சி வினை. இரண்டு சேர்மங்கள் தங்கள் பகுதிகளை மாற்றிக்கொண்டு வேறு இரண்டு சேர்மங்களானால் இரட்டை இடப்பெயர்ச்சி வினை.

இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு புறப்படும் இடத்திலிருந்தே பின்தொடரலாம்.

காளவாசலில் சிதைவு

சுண்ணாம்புக்கல்லும் கடற்கரையில் அள்ளும் கிளிஞ்சலும் பார்வைக்கு வேறு வேறு. வேதியியலுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். காளவாசலில் அடுக்கி, சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அது இரண்டாக உடைகிறது.

CaCO3 → CaO + CO2

இடது பக்கம் ஒரு பொருள், வலது பக்கம் இரண்டு. ஆகவே, சிதைவு வினை. விளைபொருளை எப்படி ஊகிப்பது? உலோகக் கார்பனேட்டைச் சூடாக்கினால் பெரும்பாலும் உலோக ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். துத்தநாகக் கார்பனேட்டும் தாமிரக் கார்பனேட்டும் இதே வழியில்தான் போகும். ஆனால், சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் பள்ளி ஆய்வகத்து அடுப்புச் சூட்டுக்கெல்லாம் மசியாது. வீரியம் மிகுந்த உலோகங்கள் கார்பனேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கணக்கும் இங்கே எளிது. 100 கிராம் சுத்தமான கல்லில் 44 கிராம் வாயுவாகப் பறந்துவிட, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதனால்தான் நன்றாக வெந்த கல், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். சூடு உள்ளே வரை போய்ச் சேராத கல் கனமாகவே இருக்கும். அதன் நடுவில் பழைய கால்சியம் கார்பனேட் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் பட்டதும் சேர்க்கை

சுட்ட சுண்ணாம்பின்மேல் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறும், ஆவி பறக்கும், கல் பொரிந்து மாவாகும். சுண்ணாம்பை நீற்றுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

CaO + H2O → Ca(OH)2

இரண்டு பொருள்கள் ஒன்றாகின்றன. இது சேர்க்கை வினை. கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு எனும் நீர்த்த சுண்ணாம்பு. உலோக ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ராக்சைடு என்று எழுதத் தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றின் ஆக்சைடுகளுக்குத்தான் அது பொருந்தும். தாமிர ஆக்சைடைத் தண்ணீரில் போட்டால் கறுப்புத் தூளாக அடியில் கிடக்குமே தவிர, சேராது.

இந்தச் சேர்க்கையில் வெளிவரும் வெப்பம் சாதாரணமானதல்ல. கொதித்துத் தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். எனவே, இதைப் பிள்ளைகள் தனியாகச் செய்யக் கூடாது. பெரியவர்களும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமிலம் காரத்தை முறிக்கும் என்று படித்ததை நம்பி எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவிடக் கூடாது.

வாளியில் ஜோடி மாறுகிறது

இப்போது தோட்டத்துக்குப் போகலாம். கற்பனையாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் பக்கத்தில் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. அப்பா மருந்து கலக்குகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கூட நிற்கிறாள்.

ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான அளவு. முதல் நாள் இரவே மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் படும்படி கட்டித் தொங்கவிட்டிருந்தார் அப்பா. அடியில் போட்டால் அடர்ந்த கரைசல் அங்கேயே தேங்கி, மேற்கொண்டு கரையாமல் நின்றுவிடும். மேலே தொங்கவிட்டால் கரைந்தது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு பிளாஸ்டிக் டிரம்மில், நீற்றி ஆறவைத்து வடிகட்டிய சுண்ணாம்புப் பால் 50 லிட்டர்.

மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றி, மூங்கில் குச்சியால் கலக்குகிறார். தெளிந்த நீலம் மறைந்து, வான நீலத்தில் கூழ் போன்ற கலங்கல் உண்டாகிறது.

“ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிடுச்சே, இது சேர்க்கை வினைதானேப்பா?” என்கிறாள் மகள்.

கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். டிரம்மில் கலவை ஒன்றுதான். ஆனால், கலவை ஒன்றாக இருப்பது வேறு, சேர்மம் ஒன்றாக இருப்பது வேறு. சமன்பாட்டை எழுதினால் உண்மை தெரியும்.

CuSO4 + Ca(OH)2 → Cu(OH)2 + CaSO4

இரண்டு சேர்மங்கள் போய், இரண்டு சேர்மங்கள் வந்திருக்கின்றன. தாமிரம் சல்பேட்டை விட்டு ஹைட்ராக்சைடுடன் சேர்ந்திருக்கிறது. கால்சியம் ஹைட்ராக்சைடை விட்டுச் சல்பேட்டுடன் சேர்ந்திருக்கிறது. ஆகவே, இரட்டை இடப்பெயர்ச்சி வினை. மாற்றும்போது நேர் அயனி நேர் அயனியோடு சேராது. தாமிரத்துக்குக் கால்சியம் ஜோடியாகாது. ஒவ்வொரு நேர் அயனிக்கும் எதிரிலிருக்கும் சேர்மத்தின் எதிர் அயனிதான் புது ஜோடி. ஜோடி மாற்றியபின் இணைதிறனைச் சரிபார்க்க வேண்டும். தாமிரத்துக்கு இங்கே இணைதிறன் 2, ஹைட்ராக்சைடுக்கு 1. அதனால் CuOH அல்ல, Cu(OH)2.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜோடி மாறுவதற்கு உண்மையில் என்ன காரணம்? தாமிர ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரையாது, வீழ்படிவாகிவிடும். கரைசலை விட்டு ஒரு ஜோடி வெளியேறிவிடுவதால் வினை முன்னோக்கிப் போகிறது. வீழ்படிவோ, வாயுவோ, தண்ணீரோ உண்டாகாவிட்டால் பெரும்பாலும் வினையே இல்லை. சாப்பாட்டு உப்பையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் ஒரே டம்ளரில் கரைத்துவிட்டு, ஜோடி மாற்றிச் சமன்பாடு எழுதிவிடலாம்தான். ஆனால், நான்கு அயனிகளும் கரைசலில் மிதந்துகொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் நைட்ரேட்டுகளும் பொதுவாகக் கரையும் என்று நினைவில் வைத்தால் இந்தக் குழிக்குள் விழாமல் தப்பலாம்.

பள்ளிக்கு இந்தச் சமன்பாடு போதும். உண்மையான டிரம்மில், சல்பேட்டும் ஹைட்ராக்சைடும் கலந்த வேறு சில தாமிரச் சேர்மங்களும் படியும். கலக்கும் வரிசையையும் அளவையும் பொறுத்து அவை மாறும். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், தாமிரம் எளிதில் கரையாத வடிவத்தில் இலைமேல் ஒட்டிக்கொள்வதுதான். மழையிலும் பனியிலும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாமிரம் கரைந்து வந்து, முளைக்கப் பார்க்கும் பூஞ்சை வித்துகளைக் கொல்லும்.

சுண்ணாம்பை ஆறவைத்ததற்கும் காரணம் உண்டு. தாமிர ஹைட்ராக்சைடு சூட்டைத் தாங்காது.

Cu(OH)2 → CuO + H2O

மறுபடியும் ஒன்று இரண்டாகிறது, சிதைவு வினை. நீற்றிய சூட்டோடு கலந்தால் நீலக் கூழ் கறுக்கத் தொடங்கும். கறுத்த கலவை இலையில் சரியாக ஒட்டாது.

அரிவாள் சொல்லும் தீர்ப்பு

நான்காவது வினைதான் இந்த வேலையின் காவல்காரன். வினையில் சேராத மயில்துத்தம் கலவையில் மிஞ்சியிருந்தால், கரைந்த நிலையில் நிறையத் தாமிரம் இருக்கிறது என்று பொருள். அது பூஞ்சையோடு இலையையும் சேர்த்துச் சுட்டுவிடும். தெளித்த ஓரிரு நாளில் இலை விளிம்பும் இளங்குருத்தும் கருகினால் பெரும்பாலும் இதுதான் கோளாறு. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நல்ல கலவையும் நீலம், கெட்ட கலவையும் நீலம்.

அதற்குத்தான் அரிவாள். நன்றாகத் தீட்டிப் பளபளவென்று துடைத்த அரிவாள் நுனியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். செம்பு நிறம் ஏறியிருந்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது.

Fe + CuSO4 → FeSO4 + Cu

இடது பக்கம் இரும்பு எனும் தனிமமும் ஒரு சேர்மமும். வலது பக்கம் தாமிரம் எனும் தனிமமும் ஒரு சேர்மமும். இடப்பெயர்ச்சி வினை. இரும்பு கரைசலுக்குள் இறங்க, தாமிரம் உலோகமாக வெளியே வந்து அரிவாளில் படிகிறது. இதில் இரும்பு FeSO4 ஆகத்தான் போகும். Fe2(SO4)3 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

யார் யாரைத் தள்ளுவார்கள் என்பதை வினைத்திறன் வரிசை சொல்லும். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம் என்று வீரியம் இறங்கிக்கொண்டே போகும். மேலே இருப்பது கீழே இருப்பதைச் சேர்மத்திலிருந்து வெளியேற்றும். கீழே இருப்பதால் மேலே இருப்பதை அசைக்க முடியாது. இரும்பு தாமிரத்தைத் தள்ளும். செம்புக் கம்பியை இரும்புச் சல்பேட்டில் போட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் கேள்விக்கு ‘வினை நிகழாது’ என்பதே சரியான விடை.

மகளுக்கு இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. “கால்சியம் தாமிரத்துக்கு மேலதானே இருக்கு? அப்போ சுண்ணாம்பும் தாமிரத்தை உலோகமா வெளியே தள்ளியிருக்கணுமே?”

நல்ல சந்தேகம். சுண்ணாம்பில் இருப்பது கால்சியம் உலோகம் அல்ல, ஏற்கெனவே சேர்மத்துக்குள் போய்விட்ட கால்சியம் அயனி. தள்ளுவதற்கு அதற்குத் தேவையும் இல்லை, வழியும் இல்லை. இடப்பெயர்ச்சி என்று எழுதும் முன், இடது பக்கத்தில் ஒரு தனிமம் தனியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வினைத்திறன் வரிசையைத் திறக்கவே வேண்டாம்.

இதே வினையால்தான் போர்டோ கலவையை இரும்பு வாளியிலோ துத்தநாகம் பூசிய தகர வாளியிலோ கலக்கக் கூடாது என்கிறார்கள். துத்தநாகமும் இரும்பும் கரைசலுக்குள் போய்விடும், தாமிரம் வாளியின் உட்புறத்தில் படிந்துவிடும். வாளியும் அரிக்கும், மருந்தும் வீணாகும். பிளாஸ்டிக், மண், மரப் பாத்திரங்களே பாதுகாப்பு. சோதனைக்கும் சாதாரண இரும்புதான் வேண்டும். எவர்சில்வர் கத்தியின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் இருப்பதால், தாமிரம் மிஞ்சியிருந்தாலும் அது காட்டாமல் போகலாம். எண்ணெயோ துருவோ மூடிய அரிவாளும் அப்படித்தான் ஏமாற்றும்.

224 கிராம் போதாதா?

மகள் நோட்டில் ஒரு கணக்குப் போடுகிறாள். மயில்துத்தப் படிகம் CuSO4.5H2O. அதன் மூலக்கூறு நிறை ஏறக்குறைய 250. சுட்ட சுண்ணாம்புக்கு 56. சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் 250 கிராம் மயில்துத்தத்துக்கு 56 கிராம் சுண்ணாம்பு, 1 கிலோவுக்கு 224 கிராம்.

“கால் கிலோகூட வேண்டாம்பா. நீங்க எதுக்கு ஒரு கிலோ போடுறீங்க?”

“கணக்கு சரிதான் தாயி. சுண்ணாம்பு சரியா இருக்கணுமே?” என்கிறார் அப்பா.

மூலையில் வாய் திறந்து கிடந்த, போன மாதத்துச் சுண்ணாம்பு மூட்டையைக் காட்டுகிறார். ஒரு பிளாஸ்டிக் மக்கில் சோதனை நடக்கிறது. 10 கிராம் மயில்துத்தம், அதற்கு மகள் சொன்ன கணக்குப்படி இரண்டேகால் கிராம் பழைய சுண்ணாம்பு, மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். கலந்ததும் நீலக் கலங்கல் வருகிறது. அரிவாள் நுனியை வைத்து எடுத்தால் அதன்மேல் செம்பு நிறம். இதைத் தெளித்திருந்தால் கொடியின் கதி என்னவென்று அவளுக்குப் புரிகிறது. பெரிய டிரம்மில், அன்று நீற்றிய சுண்ணாம்பு போட்ட கலவையில் அரிவாள் வெள்ளையாகவே வெளியே வருகிறது.

கணக்கு பொய்யாகவில்லை. அந்தக் கணக்கு, மூட்டையிலிருப்பது முழுக்கச் சுட்ட சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டது. மூட்டையில் வேகாத கல் இருக்கும், மண் இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப்போன சுண்ணாம்பும் இருக்கும். அது வினைக்கு உதவும், ஆனால் எடையில் கொஞ்சம் தண்ணீரின் பங்கு. எல்லாவற்றுக்கும் மேல், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைக் கெடுத்திருக்கும். தவிர, சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும். கரையாத துகள்களின் உட்பகுதி வினைக்கு வராமலே போகலாம். இதற்கெல்லாம் ஈடுகட்டத்தான் அளவு கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சமன்பாடு குறைந்தபட்சத் தேவையைச் சொல்கிறது, அரிவாள் அன்றைய டிரம்மின் நிலையைச் சொல்கிறது. செம்பு நிறம் ஏறினால், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி, நிறம் ஏறாத வரை மறுபடி சோதிக்க வேண்டும். கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் துகள்கள் பெருத்து அடியில் படிந்து, ஒட்டும் தன்மை குறைந்துவிடும்.

எண்ணிக்கைக்கு அடங்காத ஒன்று

மூட்டையில் சுண்ணாம்பு கெட்டுப்போன வினையை எழுதிப் பாருங்கள்.

Ca(OH)2 + CO2 → CaCO3 + H2O

இரண்டு சேர்மங்கள் போய், இரண்டு சேர்மங்கள் வந்திருக்கின்றன. எண்ணிக்கைப்படி இரட்டை இடப்பெயர்ச்சி. ஆனால், கார்பன் டை ஆக்சைடில் மாற்றிக்கொள்ள அயனியே இல்லையே? நடுவில் நடப்பதைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் அவிழும். முதலில் ஈரத்தில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது, இது சேர்க்கை. பிறகு அந்த அமிலமும் காரமும் ஜோடி மாற்றிக்கொண்டு உப்பும் தண்ணீரும் ஆகின்றன, இது இரட்டை இடப்பெயர்ச்சி. ஆக, எண்ணிக்கை முதல் ஊகத்துக்குத்தான். அயனிகள் உண்மையிலேயே கை மாறுகின்றனவா என்று பார்த்தபின்தான் பெயரை உறுதி செய்ய வேண்டும்.

சுவரில் அடித்த வெள்ளை இரண்டு மூன்று நாளில் இறுகிப் பளபளப்பதும் இதே வினைதான். சுவருக்கு நல்லது, மூட்டைக்குக் கெட்டது. காளவாசலில் விரட்டிய வாயுவை அது திரும்ப வாங்கி, பழையபடி கல்லாகிவிடுகிறது.

மூட்டை கெட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டால் போதும். நல்ல சுண்ணாம்பு நுரைக்காமல் கரையும். கார்பனேட்டாகிப் போனதோ சரியாக வேகாததோ நுரைத்துப் பொங்கும். வினிகரின் அமிலமும் கார்பனேட்டும் ஜோடி மாற்ற, உண்டாகும் கார்பானிக் அமிலம் நிலைக்காமல் உடனே தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைகிறது. இரட்டை இடப்பெயர்ச்சி, அதன் பின்னாலேயே சிதைவு. ஒரு சொட்டு நுரைக்குள் இரண்டு வகைகள்.

இனி நீங்கள் எழுதுங்கள்

விடையைக் கையால் மூடிக்கொண்டு, கீழே இருப்பவற்றின் வலது பக்கத்தை ஊகித்துப் பாருங்கள்.

துத்தநாகக் கார்பனேட்டைச் சூடாக்கினால்? ஒரே பொருள், அதுவும் கார்பனேட்.
ZnCO3 → ZnO + CO2. சிதைவு.

துத்தநாகத் துண்டைத் தாமிரச் சல்பேட்டில் போட்டால்? தனிமம் ஒன்று தனியாக நிற்கிறது, வரிசையில் தாமிரத்துக்கு மேலே இருக்கிறது.
Zn + CuSO4 → ZnSO4 + Cu. இடப்பெயர்ச்சி.

பேரியம் குளோரைடுக் கரைசலோடு சோடியம் சல்பேட்டுக் கரைசல்? இரண்டும் சேர்மங்கள். பேரியம் சல்பேட் கரையாது.
BaCl2 + Na2SO4 → BaSO4 + 2NaCl. இரட்டை இடப்பெயர்ச்சி, வெள்ளை வீழ்படிவு.

வெள்ளிக் கம்பியைத் தாமிரச் சல்பேட்டில் போட்டால்? தனிமம் இருக்கிறது, ஆனால் தாமிரத்துக்குக் கீழே. அம்புக்குறி போட வேண்டாம், ‘வினை நிகழாது’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.